மேகத்தை விதியாக எழுதுவது: தினசரிப் பட்டியல் ஸ்கேனில் இச்சிமோக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

இச்சிமோக்கு என்ற சார்ட் முறையின் விதிகளில் தேறும் பங்குகளைத் தேடித் தர நான் எழுதிய ஸ்கேன், பதினொரு நாள் மாலை ஒரு பங்கைக்கூடக் காட்டவில்லை. பட்டியலில் இருந்தவை 40 பங்குகள், எல்லாமே தேசியப் பங்குச் சந்தையில் தினமும் நன்றாக வியாபாரமாகிறவை. அதே விதிகளை முந்தைய இரண்டு வருடத் தரவில் ஓட்டினால் வாரத்துக்கு இரண்டு மூன்று பங்குகள் வந்து நின்றன. வந்தவையும் அழகாக ஏறியிருந்தன. பழைய தரவில் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் ஒன்று இன்றைய தேதியில் ஏன் வாய் திறக்க மறுக்கிறது? முதல் வாரம் சந்தை மந்தமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாவது வாரத்தில் குறியீட்டெண் தொடர்ந்து ஏறியும் பட்டியல் காலியாகவே இருந்தபோதுதான் தவறு சந்தையில் இல்லை, என் விதியில் இருக்கிறது என்று உறைத்தது.

அந்தத் தவறைத் தேடிப் போனதில்தான் இச்சிமோக்கு மேகத்தை விதியாக மாற்றுவதில் உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது என்று புரிந்தது. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

இச்சிமோக்கு முறையை உருவாக்கியவர் கோயிச்சி ஹோசோடா என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர். இச்சிமோக்கு சஞ்சின் என்பது அவர் புனைபெயர். 1930களில் தொடங்கிய வேலையை 1969இல் புத்தகமாக வெளியிட்டார். இச்சிமோக்கு என்றால் ஒரே பார்வை. சார்ட்டைப் பார்த்ததும் சமநிலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். ஸ்கேன் எழுதுகிறவனுக்குத் தொல்லையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கண் ஒரே பார்வையில் பத்து விஷயங்களைச் சேர்த்து முடிவெடுக்கிறது. கணினிக்கு அந்தப் பத்தையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

கோடுகள் ஐந்து. ஐந்தில் நான்குக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு குறிப்பிட்ட காலத்தின் அதிகபட்ச விலையையும் குறைந்தபட்ச விலையையும் கூட்டி இரண்டால் வகுப்பது. 9 அமர்வுக்கு, அதாவது சந்தை நடந்த 9 நாளுக்கு, அப்படிக் கணக்கிட்டால் தென்கன், 26 அமர்வுக்குக் கிஜுன். இவ்விரண்டின் சராசரி ஸ்பான் ஏ. 52 அமர்வின் நடுப்புள்ளி ஸ்பான் பி. ஸ்பான் ஏ, பி இரண்டையும் 26 அமர்வு முன்னால் தள்ளி வரைவார்கள், அவற்றுக்கு இடைப்பட்ட பகுதிதான் மேகம். ஐந்தாவதான சிக்கோவில் கணக்கே இல்லை, இன்றைய முடிவு விலையை 26 அமர்வு பின்னால் தள்ளி வைத்துப் பார்ப்பதுதான். 26 என்ற எண் அக்கால ஜப்பானில் சனிக்கிழமையும் சந்தை நடந்ததிலிருந்து வந்தது, ஒரு மாத அமர்வுகளுக்கு அருகில் வரும்.

இவை மூவிங் ஆவரேஜ் இல்லை. இதை மனதில் அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரப்போகும் பாதிச் சிக்கல் இதிலிருந்து கிளம்புவதுதான். சராசரியில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்களிக்கும். நடுப்புள்ளியில் இரண்டே நாட்கள்தான் பேசும், உச்சம் தொட்ட நாளும் அடி தொட்ட நாளும். மற்ற நாட்கள் என்ன செய்தாலும் கோடு அசையாது.

நிஃப்டி 50இன் 2020ஆம் ஆண்டைப் பாருங்கள். ஜனவரி 20 அன்று குறியீட்டெண் 12,430.50 வரை போனது. மார்ச் 24 அன்று 7,511.10 வரை விழுந்தது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 9,970.80. முதல் தேதியிலிருந்து இரண்டாவது தேதி வரை, இரண்டையும் சேர்த்து, 46 அமர்வுகள். அதனால் மார்ச் 24 முதல் ஏப்ரல் 1 வரை ஏழு அமர்வுகளுக்கு, கணக்கில் சேரும் கடைசி 52 அமர்வு என்ற ஜன்னலுக்குள் இந்த இரண்டு நாட்களும் சேர்ந்தே இருந்தன. ஏழு நாளும் ஸ்பான் பி ஒரே எண்தான், நேர்கோடு. அந்த நேர்கோடு சார்ட்டில் தெரிவதோ 26 அமர்வு தள்ளி, மே 6 முதல் 14 வரை. அந்த நாட்களில் நிஃப்டி 9,100க்கும் 9,400க்கும் இடையில் முடிந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே 9,970இல் தெரிந்த மேக விளிம்பில் மே மாதச் சந்தையின் சுவடே இல்லை. அது ஜனவரியின் ஒரு நாளும் மார்ச்சின் ஒரு நாளும் சேர்ந்து விட்டுப்போன தடம்.

46 என்று எண்ணும்போது பிப்ரவரி 1ஐ நான் விடவில்லை. அன்று சனிக்கிழமை, ஆனால் பட்ஜெட் நாள் என்பதால் சந்தை நடந்தது. வார இறுதி என்று அந்த நாளை விட்டுவிடும் தரவுக் கோப்பில் நேர்கோடு ஒரு அமர்வு கூடுதலாக ஓடும். தீபாவளி முகூர்த்த அமர்வும் அப்படித்தான், ஒரு மணி நேரமே நடந்தாலும் அது ஒரு கேண்டில், அதாவது சார்ட்டில் ஓர் அமர்வின் விலைகளைக் காட்டும் ஒரு பட்டை. உங்கள் எண்ணும் சார்ட்டின் எண்ணும் ஒரு நாள் தள்ளி நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை. இரண்டாவது சந்தேகம் 26ஐ எண்ணும் முறை. இன்றைய கேண்டிலையும் சேர்த்து எண்ணும் சார்ட்டுகளில் நகர்த்தல் 25 கேண்டில்தான் இருக்கும். ஸ்பான் பி படிபோல் உயரும் ஓர் இடத்தைச் சார்ட்டில் பிடித்து, அந்த உச்சம் வந்த கேண்டிலிலிருந்து விரலால் எண்ணிப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். நான் 26 வைத்திருக்கிறேன்.

இப்போது அந்தக் காலிப் பட்டியலுக்கு வருகிறேன்.

சிக்கோவைப் பற்றி எல்லோரும் சொல்வது, அது விலைக்கு மேலே இருந்தால் நல்லது என்று. நான் அதை அப்படியே எழுதினேன். நான் பயன்படுத்திய மென்பொருள் தொகுப்பு சிக்கோவை அட்டவணையில் ஒரு தனி நெடுக்கு நிரலாகத் தந்தது, `close.shift(-26)` என்று. சார்ட் வரைவதற்கு அது சரி, பின்னால் தள்ளித்தானே வரைய வேண்டும். ஆனால் அட்டவணையில் ஜனவரி 1ஆம் தேதி வரிசைக்கு நேராக நிற்கும் சிக்கோ, அதற்கு 26 அமர்வு பிந்தைய பிப்ரவரி முடிவு விலை. அதை ஜனவரி 1ஆம் தேதியின் விலையோடு ஒப்பிட்டுப் பெரியதா என்று கேட்பது, ‘இந்தப் பங்கு அடுத்த 26 அமர்வில் ஏறப்போகிறதா’ என்று கேட்பதுதான். பழைய தரவில் எல்லாம் அழகாக ஏறியிருந்ததில் அதிசயம் என்ன? ஏறியவற்றை மட்டும்தானே விதி பொறுக்கி எடுத்திருக்கிறது.

இன்றைய வரிசைக்கு வந்தால் எதிர்காலம் இன்னும் வரவில்லை, அந்தக் கட்டம் காலி. பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ், காலிக் கட்டத்தோடு ஒப்பிட்டால் பிழை என்று கத்தாது, ‘இல்லை’ என்று அமைதியாகச் சொல்லிவிடும். கடைசி 26 வரிசைகளிலும் விதி எப்போதும் தோற்கும். அதனால்தான் பதினொரு நாள் மௌனம்.

பழைய தரவில் வாரி வழங்கி, கடைசி 26 அமர்வில் மட்டும் ஒன்றும் தராத ஸ்கேன் எதுவாக இருந்தாலும் அது எதிர்காலத்தை எட்டிப் பார்க்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

திருத்தம் ஒரு வரிதான், ஆனால் அதற்கு முன் ஒரு பழக்கம் மாற வேண்டியிருந்தது. சார்ட்டில் கோடு எங்கே வரையப்பட்டிருக்கிறது என்பதை மறந்துவிட்டு, இன்று மாலை என் கையில் என்ன எண்கள் இருக்கின்றன என்று மட்டும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் மேகம் இரண்டாகப் பிரிகிறது. இன்றைய விலைக்கு நேராக நிற்கும் மேகம் 26 அமர்வுக்கு முன் கணக்கிட்டது, அதற்கு `a_now`, `b_now` என்று பெயர் வைத்தேன். இன்று கணக்கிட்டு எதிரே வரையப்படும் மேகம் `a_new`, `b_new`. ஒரே பெயரில் இரண்டையும் வைத்துக்கொண்டால் என்றாவது ஒருநாள் மாறிப்போகும். சிக்கோவுக்குத் தனி நிரலே வேண்டாம், 26 அமர்வுக்கு முந்தைய கேண்டிலை இன்றைய வரிசைக்கு இழுத்து வந்தால் போதும்.

```python
def mid(n):
    return (df["high"].rolling(n).max() + df["low"].rolling(n).min()) / 2

df["tenkan"] = mid(9)
df["kijun"]  = mid(26)
df["a_new"]  = (df["tenkan"] + df["kijun"]) / 2
df["b_new"]  = mid(52)
df["a_now"]  = df["a_new"].shift(26)
df["b_now"]  = df["b_new"].shift(26)
df["high26"] = df["high"].shift(26)
```

எல்லா நகர்த்தலும் கூட்டல் எண். `shift`க்குள் ஒரு கழித்தல் குறி இருந்தாலும் அந்த ஸ்கேனை நான் ஓட்டுவதில்லை.

இதன்மேல் எழுதிய முதல் நான்கு விதிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். முடிவு விலை மேகத்தின் மேல் விளிம்பைத் தாண்டி இருக்க வேண்டும், அதாவது `a_now`, `b_now` இரண்டில் எது பெரியதோ அதைவிட அதிகமாக. தென்கன் கிஜுனைவிட அதிகமாக இருக்க வேண்டும். எதிரே வரையப்படும் மேகத்தில் ஸ்பான் ஏ ஸ்பான் பி-க்கு மேலே இருக்க வேண்டும். நான்காவதாக, முடிவு விலை 26 அமர்வுக்கு முந்தைய கேண்டிலின் உச்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். முடிவு விலையைத் தாண்டினால் போதாதா என்று கேட்கலாம். உச்சத்தை ஏன் எடுத்தேன் என்பது கீழே வரும் உதாரணத்தில் தெரியும்.

இதில் சமம் என்று வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். தென்கனும் கிஜுனும் பைசா மாறாமல் சமமாவது அபூர்வம் இல்லை. 26 அமர்வின் உச்சமும் அடியும் இரண்டுமே கடைசி ஒன்பது அமர்வுக்குள் வந்திருந்தால் இரண்டு கோடும் ஒரே எண்தான். நான் சமத்தைத் தோல்வியாகவே வைத்தேன்.

திருத்திய ஸ்கேன் இப்போது பேச ஆரம்பித்தது, ஆனால் அளவுக்கு அதிகமாக. சந்தை நன்றாக இருந்த ஒரு வாரத்தில் 40இல் பாதிக்கு மேல் நான்கு விதிகளையும் தாண்டி நின்றன, அதே பங்குகள் மறுநாளும் அதற்கு மறுநாளும். ‘மேகத்துக்கு மேலே இருக்கிறது’ என்பது ஒரு நிலை, ‘இன்று மேலே வந்தது’ என்பது ஒரு சம்பவம். மாலையில் சார்ட்டைத் திறந்து பார்க்க எனக்கு வேண்டியது சம்பவம். ஆகவே இன்று எல்லா விதியும் சரி, நேற்று ஏதோ ஒன்று சரியில்லை என்ற பங்குகளை மட்டும் மேலே காட்டி, ஏற்கெனவே நிலையில் இருப்பவற்றைத் தனிப் பட்டியலில் கீழே தள்ளினேன். `r1` முதல் `r4` வரை அந்த நான்கு விதிகள்.

```python
ok  = r1 & r2 & r3 & r4
new = ok & ~ok.shift(1, fill_value=False)
```

தினம் ஓரிரு பெயர்கள் வந்தன. சரியான அளவு என்று நிம்மதியாக இருந்தபோதுதான், இருபது வருடமாகக் கண்ணாலேயே சார்ட் பார்க்கும் நண்பர் ஒருவரிடம் பட்டியலைக் காட்டினேன். முதல் பெயரைத் திறந்தார். "என்ன தம்பி, இது படுத்துக் கிடக்குது. இதை எதுக்குக் காட்டுது?" என்றார்.

"நாலு விதியும் சரியா இருக்குண்ணே."

"விதி சரியா இருக்கட்டும். பங்கு எங்கேயும் போகலையேப்பா."

அவர் சொன்னது சரி. அந்தப் பங்கு இரண்டு வாரமாக ஒரே இடத்தில் உலாத்திக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் நான்கு கோடுகளும் சாதகமாக மாறியது எப்படி? இதைக் காட்ட, கணக்குச் சுலபமாகும்படி எண்களை நானே அமைத்துத் தருகிறேன். அமைப்பு அன்று பார்த்ததுதான்.

ஒரு பங்கு 26 அமர்வுக்கு முன் 540 ரூபாய் உச்சம் தொட்டது. பிறகு 480 வரை இறங்கி, ஐநூறு சொச்சத்தில் அலைகிறது. நேற்று வரை 26 அமர்வு ஜன்னலில் 540, 480 இரண்டும் இருந்தன, கிஜுன் 510. கடைசி ஒன்பது அமர்வின் உச்சம் 524, அடி 492, எனவே தென்கன் 508. தென்கன் கீழே, கிஜுன் மேலே. நேற்றைய முடிவு 509.

இன்று பங்கு நான்கு ரூபாய் இறங்கி 505இல் முடிகிறது. ஜன்னல் ஒரு நாள் நகர்ந்ததில் அந்த 540 கேண்டில் வெளியே போய்விட்டது. மிச்சமிருப்பதில் பெரிய உச்சம் 526, அதுவும் 540க்கு அடுத்த நாளுடையது. கிஜுன் (526 + 480) ÷ 2 = 503 ஆகிவிட்டது. தென்கன் அதே 508. ஆக, விலை இறங்கிய நாளில் தென்கன் கிஜுனை மேலே வெட்டியிருக்கிறது. வெட்டவைத்தது இன்று வந்த கேண்டில் இல்லை, ஜன்னலை விட்டு வெளியேறிய கேண்டில்.

இந்த இடத்தில் இச்சிமோக்குவின் கட்டமைப்பில் ஒரு அழகான பொருத்தம் இருக்கிறது. இன்று கிஜுன் ஜன்னலை விட்டு வெளியேறிய கேண்டில் எதுவோ, சிக்கோ இன்று ஒப்பிடுவதும் அதே கேண்டிலோடுதான். இரண்டும் 26. ஆகவே பழைய உச்சம் வெளியேறியதால் கிஜுன் சரிந்தால், அன்றே சிக்கோ விதி அந்த உச்சத்தோடு மோதும். 505, 540ஐத் தாண்டவில்லை, நான்காவது விதி தோற்கிறது. பொய் வெட்டைப் பிடிக்கும் காவல் இது. சிக்கோவைத் தேவையற்ற ஐந்தாம் கோடு என்று விட்டுவிடுகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

ஆனால் காவல் சில நாளுக்குத்தான். மறுநாள் முடிவு 506. ஒப்பிட வேண்டிய கேண்டில் 540க்கு அடுத்த நாளுடையது, உச்சம் 526, முடிவு 504. முடிவோடு முடிவை ஒப்பிட்டிருந்தால் 506 தாண்டிவிட்டது என்று விதி சொல்லியிருக்கும். உச்சத்தோடு ஒப்பிடுவதால் இன்னும் தடுக்கிறது. அதற்கு மறுநாள் முடிவு 507, எதிரே பழைய உச்சம் 512. தடுக்கிறது. மூன்றாம் நாள் முடிவு 508, எதிரே 505. தாண்டிவிட்டது. அன்று தென்கன் 503, கிஜுன் 502, அரை விரல் வித்தியாசத்தில் தென்கன் மேலே. மேகத்தின் மேல் விளிம்பு 490 அருகில், அதுவும் சரி. எதிரே வரையப்படும் ஸ்பான் ஏ 502.50, ஸ்பான் பி 496, அதுவும் சரி. நான்கு விதியும் தேறி, பங்கு ‘இன்றைய புதியவை’ பட்டியலில் வந்து உட்கார்ந்தது. நான்கு நாளில் விலை 505லிருந்து 508. நண்பர் ‘படுத்துக் கிடக்குது’ என்றது இதைத்தான்.

கண் இதை எப்படிப் பிடித்தது? கோடு திரும்பியதை மட்டும் அது பார்க்கவில்லை, எதனால் திரும்பியது என்பதையும் சேர்த்துப் பார்த்தது. அதையும் விதியாக்க வேண்டும். முதலில் ‘கிஜுன் ஐந்து நாளுக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்திருக்கக் கூடாது’ என்று போட்டுப் பார்த்தேன். பாதிதான் வேலை செய்தது. பழைய அடி ஜன்னலை விட்டு வெளியேறினால் கிஜுன் சும்மா இருந்தபடியே உயரும், அதுவும் பொய் உயர்வுதான். ஆகவே விளைவை விட்டுவிட்டு நேராகக் காரணத்தைக் கேட்டேன்: 26 அமர்வின் உச்சம் கடைசி ஐந்து அமர்வுக்குள் வந்ததா?

```python
r5 = df["high"].rolling(5).max() == df["high"].rolling(26).max()
```

இதையும் `ok`இல் சேர்த்தேன். மேலே சொன்ன பங்கை இதில் நிறுத்திப் பாருங்கள். வெட்டு நடந்த நாளில் 26 அமர்வின் உச்சம் 526, ஜன்னலின் கடைக்கோடியில் இருக்கும் கேண்டில். தோல்வி. அடுத்த நாட்களில் உச்சம் 524, அது வெட்டுக்கு ஏழு அமர்வு முன் வந்தது. தோல்வி. வெட்டு நடந்து ஏழாம் நாள் பங்கு 521 வரை போகிறது, 524ஐத் தொடவில்லை. தோல்வி. எட்டாம் நாள் 533 வரை போய் 531இல் முடிகிறது. இப்போது 26 அமர்வின் உச்சம் இன்றையது. கிஜுன் (533 + 480) ÷ 2 = 506.50, தென்கன் (533 + 499) ÷ 2 = 516. இரண்டையும் உயர்த்தியது இன்று வந்த கேண்டில். மேக விளிம்பு 493. சிக்கோவுக்கு எதிரே 500. ஐந்தும் தேறுகிறது, பங்கு பட்டியலுக்கு வருகிறது.

விலை இருக்கிறது இதற்கு. 508இல் கிடைத்திருக்க வேண்டியது 531இல்தான் கண்ணில் படுகிறது. அந்த 23 ரூபாயைச் செலவாகவே எடுத்துக்கொள்கிறேன். 508இல் காட்டப்படும் பங்குகளில் எது மேலே போகும், எது அங்கேயே கிடக்கும் என்று நான்கு விதிகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தத் தெளிவுக்குக் கொடுக்கும் விலை இது. ஐந்தாவது விதி ஹோசோடாவின் முறையில் இருப்பதல்ல, என் தேவைக்கு நான் சேர்த்தது. ஐந்து அமர்வு என்பதும் ஒரு வேலை வாரம் என்ற கணக்கில் வைத்ததுதான்.

தாமதமாக வருவதால் ஏற்கெனவே வெகுதூரம் ஓடிவிட்ட பங்கும் பட்டியலில் வரும். அதற்காக இன்னொரு விதி போடாமல் ஒரு நிரல் மட்டும் சேர்த்தேன்: முடிவு விலைக்கும் கிஜுனுக்கும் உள்ள தூரம், 14 அமர்வு சராசரி உண்மை வீச்சில் எத்தனை மடங்கு என்று. நம் பங்கில் தூரம் 24.50. ஒரு நாளைய சராசரி வீச்சு 11 ரூபாய் என்று வைத்தால் 2.2 மடங்கு. சிறியதிலிருந்து பெரியதாக இந்த வரிசையில்தான் பட்டியல் அச்சாகிறது. மேலே இருப்பவற்றைத் திறந்து பார்க்கிறேன், நான்கு ஐந்து மடங்கு என்று அடியில் கிடப்பவற்றைப் பெரும்பாலும் திறப்பதில்லை.

விதிகள் சரியாக இருந்தும் பட்டியல் பொய் சொல்லும் இடங்கள் இரண்டு, இரண்டுமே தரவில் இருப்பவை.

முதலாவது போனஸ் பங்கும் பங்குப் பிரிப்பும். ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் 2024 அக்டோபர் 28 அன்று ஒன்றுக்கு ஒன்று போனஸுக்குப் பிந்தைய விலைக்கு மாறியது. முந்தைய வெள்ளியன்று 2,650 ரூபாய் அருகில் இருந்த பங்கு திங்களன்று 1,330 அருகில். பங்குதாரருக்கு நஷ்டம் எதுவும் இல்லை, கையில் பங்கு இரட்டிப்பு. ஆனால் பழைய விலைகளைப் பாதியாக்காத கோப்பில் ஸ்கேன் ஓடினால், 52 அமர்வு ஜன்னலிலிருந்து பழைய விலைகள் முழுவதும் வெளியேற 52 அமர்வு ஆகும், அந்தச் சுத்தமான ஸ்பான் பி இன்றைய விலைக்கு நேராக வந்து சேர இன்னும் 26. மொத்தம் 78 அமர்வு, ஏறத்தாழ நான்கு மாதம், அந்தப் பங்கு மேகத்துக்கு அடியில் புதைந்ததுபோல் தெரியும். பட்டியலில் வராத பங்கை யாரும் தேடுவதில்லை என்பதால் இந்தத் தவறு கண்ணில் படவே படாது. சந்தை வெளியிடும் தினசரி விலை அறிக்கைக் கோப்பை நாள்தோறும் இறக்கிச் சேர்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும், அந்தக் கோப்பில் அன்றைய விலை மட்டும்தான் இருக்கும், பழையதைத் திருத்துவது நம் வேலை. ஒரே இரவில் விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாறியிருந்தால் அந்தப் பங்கை ஸ்கேனில் விடாமல், ‘சரிபார்க்கவும்’ என்று தனியாக எழுதும்படி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது புதிதாகப் பட்டியலான பங்குகள். இதில் நான் கொஞ்சம் நாள் ஏமாந்தேன். இன்றைய ஸ்பான் ஏ கிடைக்க 52 அமர்வுத் தரவு போதும், ஸ்பான் பி கிடைக்க 78 வேண்டும். 60 அமர்வு ஆன பங்குக்கு `a_now` இருக்கும், `b_now` காலி. மேகத்தின் மேல் விளிம்பை இரண்டில் பெரியதாக எடுக்கும்போது பாண்டாஸ் காலியைத் தள்ளிவிட்டு இருப்பதைத் தந்துவிடும். பாதி மேகத்தைத் தாண்டிய பங்கு முழு மேகத்தைத் தாண்டியதாகப் பட்டியலில் வந்துவிடும். முன்பு காலிக் கட்டம் எல்லாவற்றையும் தடுத்தது, இங்கே அதே காலி கதவைத் திறந்துவிடுகிறது.

```python
top = df[["a_now", "b_now"]].max(axis=1, skipna=False)
r1  = df["close"] > top
```

இதோடு 80 அமர்வுக்குக் குறைவான பங்குகளை ‘தரவு போதாது’ என்று வேறாக அச்சிடுகிறேன். தேறவில்லை என்பதும் தெரியவில்லை என்பதும் வேறு வேறு.

ஸ்கேன் ஓடும் நேரம் பற்றி ஒரு வார்த்தை. சந்தை நடக்கும்போது ஓட்டினால் அன்றைய உச்சமும் அடியும் முழுமையடைந்திருக்காது. மதியம் இரண்டு மணிக்குத் தேறிய பங்கு மாலையில் தேறாமல் போகலாம். கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலையும் சந்தை அறிவிக்கும் முடிவு விலையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதால், மூன்றரை மணிக்கு உடனே ஓட்டுவதும் சரிவராது. அன்றைய அறிக்கைக் கோப்பு வந்த பிறகு இரவு ஓட்டுகிறேன்.

ஒவ்வொரு பங்குக்கும் ஐந்து விதிகளின் விடையும் தனித்தனி நிரலாக அச்சாகிறது, மொத்தத் தீர்ப்பு மட்டும் இல்லை. இந்த நிரல்களால்தான் ஸ்கேனின் வரம்பும் தெரிகிறது. பக்கவாட்டில் நீண்ட நாள் அலையும் பங்கில் ஐந்தாவது விதி வாரம் ஒருமுறை மாறி மாறி விழும், எழும். மெல்லிய மேகத்தை விலை ஊசிநூல்போல் குத்திக் குத்திப் போகும்போது முதல் விதியும் அப்படியே. அதனால் கடந்த 26 அமர்வில் ஒரு பங்கு எத்தனை முறை ‘புதியது’ என்று வந்தது என்ற எண்ணிக்கையையும் கடைசியில் சேர்த்தேன். மூன்றுக்கு மேல் இருந்தால் அது போக்கில் இல்லை, அலைகிறது. நண்பரிடம் இப்போது பட்டியலை அனுப்பும்போது அவர் முதலில் பார்ப்பது அந்த நிரலைத்தான்.

விற்பனைப் பக்கத்துக்கு இதே விதிகளைத் தலைகீழாகத் திருப்பினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். திருப்பிப் பார்த்ததில் ஐந்தாவது விதி அங்கே சரியாகப் பொருந்தவில்லை. வீழ்ச்சி ஏற்றத்தைவிட வேகமாக வருவதால், 26 அமர்வின் அடி உடைகிற நாளில் தூர நிரல் நான்கு ஐந்து மடங்கு காட்டிவிடுகிறது, பார்க்க உட்காரும்போது பங்கு போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு மேக விளிம்பை உடைப்பதற்கு முன்பே கிஜுன் உடைவதைக் கணக்கில் எடுக்கும் வேறு வரிசை வேண்டும். அதை இப்போது அதே 40 பங்குகளில், ஒவ்வொரு இரவும், வாங்கும் பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.